பதினெட்டாவது எழுவினா

மஹ்ரூப் ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். கதைப் புத்தகத்தின் முடிவைக் களவாகப் பார்த்துவிடுகிற பிள்ளையைப் போல இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால், "பஸ் எங்க போகுதெண்டு தெரியாம ஆராவது ஏறுவாங்களா?" என்பார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மூதூரில் பிறந்து, கிண்ணியாவில் கலியாணம் கட்டி, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருப்பவர். திருகோணமலையில் யோகலிங்கம் என்ற சட்டத்தரணியிடம் இருபத்தாறு வருடம் இலிகிதராக இருந்தார். யோகலிங்கம் கண்பார்வை குறைந்து, கனடாவிலிருக்கும் மகனிடம் போனபோது, அலுவலகத்தையும் அலுமாரிகளையும் நூற்றுச் சொச்சம் கோப்புகளையும் பூரணி என்ற இளம் சட்டத்தரணியிடம் ஒப்படைத்தார். மஹ்ரூபும் கதிரை மேசையோடு கதிரை மேசையாக அவளிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரை நானா என்பாள். அவர் அவளை மிஸ் என்பார். வயதில் மகளாக இருந்தாலும் கோட்டுப் போட்டவள் மிஸ்தான்.

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய மனிதர் தீர்ப்பு வாசிப்பதில் பேர் எடுத்தது எப்படி என்று கேட்டால், அதற்கு அவருடைய நித்திரைதான் காரணம். வேலைக்கு வந்த புதிதில், "இதை வாசிச்சு என்ன சொல்லியிருக்கெண்டு சொல்லும்" என்று யோகலிங்கம் அறுபது பக்கத் தீர்ப்பொன்றைக் கொடுத்தார். மஹ்ரூப் முதல் வரியிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டாம் பக்கத்தில் தலை சாய்ந்தது. மறுநாள் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினார். திரும்பவும் பன்னிரண்டாம் பக்கம். ஒரு கிழமை முழுக்க அந்தப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டாமல் கிடந்துவிட்டு, வீட்டில் போய்ப் புலம்பினார்.

மனைவி றம்லா அப்போது குசினி வாசலில் ஒரு பன்புல் பை மீனைக் கொட்டி வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். சூடை, கீரி, பாரைக்குட்டி, நண்டு எல்லாம் கலந்த மீன். "நீங்க எல்லாத்தையும் ஒரே சட்டியில போடப் பாக்குறீங்க" என்றாள். "ஆணத்துக்கு எது, பொரியலுக்கு எது, பூனைக்கு எது எண்டு முதல்ல பிரிக்க வேணாமா?"

அவள் மீனைத்தான் சொன்னாள். அவர் தீர்ப்பைப் பிரிக்கத் தொடங்கினார்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் பென்சில் வாங்கினார். கடைசிப் பக்கத்தில் வழக்கு ஆருக்குச் சாதகம் என்பதைப் பார்த்த பிறகு, எழுவினாக்களைத் தேடிப் போவார். எழுவினா என்பது விசாரணை தொடங்கும்போது இரண்டு பக்கமும் நீதிபதிக்கு முன்னால் எழுதி வைக்கிற கேள்வி. காணி ஆருடைய பெயரில் இருந்தது, எதிராளி எப்போது உள்ளே வந்தார் என்று ஒவ்வொன்றாக இலக்கமிட்டு வைப்பார்கள். வழக்கு முழுவதும் அந்தக் கேள்விகளுக்குள்தான் நடக்கும். தீர்ப்பு எழுதுகிற நீதிபதி ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும், அந்த விடைக்குக் காரணமும் சொல்ல வேண்டும். மஹ்ரூப் அந்தக் கேள்விகளை நீளத்தாள் ஒன்றில் மேலிருந்து கீழாக எழுதிக்கொள்வார். பிறகு தீர்ப்பின் பந்திகளுக்குத் தானே இலக்கம் போடுவார், ஏனென்றால் நீதிமன்றத் தட்டச்சில் அநேகமாகப் பந்திக்கு இலக்கம் இருக்காது. எந்தப் பந்தி எந்த எழுவினாவைப் பற்றிப் பேசுகிறதோ அதன் ஓரத்தில் சிவப்பால் அந்த எழுவினாவின் இலக்கம் விழும். சட்டப் பிரிவு எதுவும் வந்தால் பச்சைக்கோடு.

நீலம்தான் அவருக்குப் பெருமை. தீர்ப்பில் பாதிக்கு மேல் நீதிபதியின் பேச்சே அல்ல. வழக்காளி இப்படிச் சொன்னார், எதிராளி அப்படிச் சொன்னார், மூன்றாவது சாட்சி இப்படிச் சொன்னார், சட்டத்தரணி சமர்ப்பணத்தில் அப்படிச் சொன்னார் என்று பக்கம் பக்கமாகப் போகும். அதையெல்லாம் கண்ணோட்டமாகப் பார்த்துக்கொண்டு போய், நீதிபதி தன்னுடைய வாயால் "இந்நீதிமன்றம் கருதுகின்றது" என்று சொல்லுகிற இடத்தில் மட்டும் நீலக்கோடு போடுவார். அந்தப் பந்திகளை மட்டும் இரண்டு தரம், சொல்லுச் சொல்லாக வாசிப்பார். கடைசியில் அந்த நீளத்தாளில் ஒவ்வொரு எழுவினாவுக்கும் நேராக விடை, சட்டப் பிரிவு, பந்தி இலக்கம் என்று மூன்று கட்டம் நிரம்பியிருக்கும். நூறு பக்கத் தீர்ப்பு ஒற்றைத் தாளுக்குள் வந்துவிடும். பக்கத்து அலுவலகத்துச் சட்டத்தரணிமார் கூடத் தேநீர் வாங்கிக் கொடுத்து இந்தத் தாளைக் கேட்டு வருவதுண்டு. மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்ததென்று சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டின் கடைசியில் வந்தது கோணேஸ்வரியின் தீர்ப்பு.

கோணேஸ்வரி சல்லியில் தங்கை வீட்டில் ஒதுங்கியிருந்தவள். அறுபத்து மூன்று வயது. பாலையூற்றில் அவளுடைய தகப்பன் உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்த இருபத்திரண்டு பேர்ச் காணி ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் யுத்தத்துக்குப் பயந்து புருஷனோடு காட்டுப் பாதையால் முல்லைத்தீவுப் பக்கம் ஓடியவள், இரண்டாயிரத்து ஒன்பதில் செட்டிகுளம் முகாமில் புருஷன் இல்லாமல், தேனுகா என்ற மகளோடு வந்து நின்றாள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது காணியில் வேறொருவர் வீடு கட்டித் தென்னை வைத்து இருந்தார். அந்த மனிதரும் பொல்லாதவர் அல்ல. தொண்ணூற்றிரண்டில் ஆரோ ஒருவர் விற்க, நம்பி வாங்கினவர். மத்தியஸ்த சபையில் ஏறி இறங்கியும் பேச்சு முற்றுப்பெறாமல், இரண்டாயிரத்துப் பதினேழு ஐப்பசியில் யோகலிங்கம் வழக்கை வைத்தார். ஐந்து வருடமும் ஒரு தவணை தவறாமல் கோணேஸ்வரி வந்து நீதிமன்றத்தின் பின்வாங்குப் பலகையில் இருந்தாள். இப்போது தேனுகா இரண்டு பிள்ளைகளோடு லிங்கநகரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்தக் காணி வந்தால் அவளுக்குத்தான்.

மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு தொண்ணூற்று நான்கு பக்கம். மஹ்ரூப் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வழக்குத் தள்ளுபடி.

நான்காம் பக்கத்தில் எழுவினாக்கள் ஒழுங்காக இருந்தன, ஒன்றிலிருந்து பதினேழுவரை. அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு பென்சில்களை எடுத்தார். இரண்டு பின்னேரத்தில் வேலை முடிந்தது. உறுதி கோணேஸ்வரியின் பெயரில்தான் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் எதிராளி தொண்ணூற்றிரண்டிலிருந்து இடையூறில்லாமல் காணியை ஆண்டிருக்கிறார், ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கேட்பது பத்து வருடம்தான், ஆகவே காணி அவருக்கு என்று அறுபத்தெட்டாம் பந்தியில் முடித்திருந்தார். பதினேழு எழுவினாவுக்கும் விடை இருந்தது, பந்தி இருந்தது. கட்டங்கள் எல்லாம் நிரம்பின.

ஒரேயொரு பச்சைக்கோடுதான் எந்த எழுவினாவோடும் ஒட்டாமல் நின்றது. நாற்பத்தோராம் பக்கத்தில், யோகலிங்கத்தின் எழுத்துச் சமர்ப்பணத்தைச் சுருக்கிச் சொல்லும் இடத்தில், இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் என்று ஒரு பெயர் வந்தது. மஹ்ரூப் எழுவினாக் கட்டத்தில் ஒரு கோட்டை இழுத்து, "சமர்ப்பணம் மட்டும்" என்று எழுதிவிட்டு அப்பால் போனார். சட்டத்தரணிமார் பத்துச் சட்டத்தைச் சொல்லுவார்கள், ஒன்று பொருந்தும். இதற்கெல்லாம் நின்று பார்த்தால் விடிந்துவிடும்.

பூரணி அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தாள். வழக்கு விசாரணை முழுவதும் யோகலிங்கம் நடத்தியது. அவள் தீர்ப்பைக் கேட்டு வாங்குவதற்கு மட்டும் எழுந்து நின்றவள்.

"சாட்சியை நம்பித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கு. மேல எடுத்தாலும் அதை மாத்துறது கஷ்டம் நானா" என்றாள். "அந்த மனுசியை இன்னும் ரெண்டு மூண்டு வருசம் அலைய வைக்கிறதோ?"

"காரணம் ஒண்டும் அம்பிடல்ல மிஸ்" என்றார் மஹ்ரூப். "நான் நல்லாப் பாத்த."

மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கப் பதினான்கு நாள்தான் உண்டு. தீர்ப்பு நாளும் கொடுக்கிற நாளும் ஞாயிறும் போயா விடுமுறையும் அதற்குள் சேராது. அது தவறினால் பாலையூற்றுக் காணி போனது போனதுதான். பத்தாவது நாள், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகக் கோணேஸ்வரியை வரச் சொன்னார்கள். பூரணிக்கு அன்று மூதூரில் வழக்கு. ஆகவே சொல்லும் வேலை மஹ்ரூபின் தலையில் விழுந்தது.

கோணேஸ்வரி தனியாக வந்தாள். கதிரையின் நுனியில் இருந்து அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். அழவில்லை. மடியில் வைத்திருந்த பையின் பிடியை மட்டும் ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மஹ்ரூபுக்குத் தன் தாளைக் காட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. இப்படி ஒரு நினைப்பு! ஆனாலும் மனிதர் தாளை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாக விளங்கப்படுத்தினார்.

"சரி தம்பி" என்றாள் அவள். "எனக்குச் சட்டம் தெரியாது. ஒண்டு மட்டும் கேக்கட்டோ?"

"கேளுங்க அக்கா."

"நாங்கள் ஓடித் திரிஞ்ச கதையை நான் சாட்சிக் கூட்டில ஏறி ரெண்டு நாள் சொன்னனான். அதுக்கு நீதிபதி ஐயா என்ன சொன்னவர்?"

அது லேசான கேள்வி என்று மஹ்ரூப் நினைத்தார். பதினேழாம் பக்கத்தைத் திருப்பினார். அவளுடைய சாட்சியம் அங்கே ஆறு பக்கத்துக்கு இருந்தது. தான் கோடே போடாத பக்கங்கள். வாசித்துக் காட்டினார். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் வெளிக்கிட்டது, கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது, எட்டு இடம் மாறியது, ஒன்பதாம் இடத்தில் கணவர் இறந்தது.

"ஓம், ஓம். அப்பிடித்தான் சொன்னனான்" என்று அவள் முகம் மலர்ந்தது. தன் பேச்சு இவ்வளவு வடிவாக எழுதப்பட்டிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நல்லா எழுதியிருக்கினம். இது நான் சொன்னது. ஐயா சொன்னது எங்க?"

மஹ்ரூப் நீலக்கோடுகளைத் தேடினார். இருபத்தெட்டாம் பந்தி உறுதியைப் பற்றியது. நாற்பத்தொன்பது எதிராளியின் வீட்டைப் பற்றியது. ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தெட்டு. திரும்பவும் முன்னுக்கு வந்தார். அவள் பொறுமையாக இருந்தாள். ஐந்து வருடம் பின்வாங்கில் இருந்து பழகியவள்.

அவளுடைய பேச்சு இருந்தது. அதை நம்புகிறேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. தொண்ணூற்று நான்கு பக்கத்தில் அதற்கு ஒரு நீலக்கோடு கூட இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு நாள் தாங்க" என்றார் மஹ்ரூப். "நாளைக்கு நானே சல்லிக்கு வந்து சொல்லுறன்."

"கோவத்தில கேக்கேல்லைத் தம்பி. சும்மா அறியத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அந்தச் 'சும்மா' அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய உம்மா இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குத் தப்பி மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தவள். அகதியாக இருந்தது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்தை மௌத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர் தலையை ஆட்டாவிட்டால் முதலிலிருந்து திரும்பச் சொல்லுவாள். பத்தொன்பது வருடத்தைச் சொன்னவளுக்குத் தலையாட்ட ஒருவரும் இல்லாமல் போனதே என்று மஹ்ரூப் நினைத்துக்கொண்டார்.

அலுமாரியைத் திறந்து அந்த வழக்கின் கோப்பை இறக்கினார். யோகலிங்கம் ஒவ்வொரு தவணைக்கும் நடவடிக்கைக் குறிப்பின் பிரதி எடுத்துக் கட்டி வைக்கும் பழக்கமுள்ளவர். துளை போட்டுக் கட்டினவரே மஹ்ரூப்தான். முதல் நாள் எழுவினாக்கள், ஒன்றிலிருந்து பதினேழு. சரி. அதற்குப் பிறகு சாட்சியங்கள். தாள் தாளாகப் புரட்டினார். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆவணி மாதத்துத் தவணையில் கை நின்றது.

அன்று, கோணேஸ்வரியின் சாட்சியத்துக்கு நடுவில், யோகலிங்கம் எழுந்து மேலதிகமாக ஓர் எழுவினாவை வைத்திருக்கிறார். எதிராளியின் சட்டத்தரணி ஆட்சேபித்திருக்கிறார். அப்போதிருந்த நீதிபதி ஆட்சேபனையைத் தள்ளி ஏற்றுக்கொண்டிருக்கிறார். பதினெட்டாவது எழுவினா: யுத்த நிலைமையினால் வழக்காளிக்குத் தன் உரிமையைக் கோரி நீதிமன்றம் வர முடியாதிருந்ததா, அவ்வாறாயின் இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி அந்தக் காலம் எதிராளியின் ஆட்சிக் காலத்திலிருந்து கழிக்கப்பட வேண்டுமா?

அந்த நீதிபதி பிறகு மாற்றலாகிப் போனார். தீர்ப்பு எழுதியவர் பிறகு வந்தவர். முதல் நாள் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பதினெட்டாவது நடுவில் கிடந்து மறைந்துவிட்டது.

நீதிபதிக்குத் தவறியது இருக்கட்டும். மஹ்ரூபுக்கு எப்படித் தவறியது? எழுவினாக்களை அவர் தீர்ப்பின் நான்காம் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருந்தார். இருபது வருடமாக அப்படித்தான் செய்தார். கோப்பை இறக்கிப் பார்க்கும் நேரம் மிச்சம் என்பது அவருடைய கெட்டித்தனம். தீர்ப்பில் விட்டுப்போனதைத் தீர்ப்பை வைத்தே பிடிக்க ஏலாது என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அவருக்கு இருபது வருடம் விளங்கவில்லை. எழுவினா இல்லாமல் தனியே நின்ற பச்சைக்கோடாவது அவரை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு கோட்டை இழுத்து வாயடைத்துவிட்டார். ஒரு மனுசியின் காணி, தன் சோம்பலால் நான்கு நாள் தூரத்தில் நிற்கிறது என்று நினைக்க அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். றம்லா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மிஸ்ஸிட்டச் சொல்லுவீங்களா?" என்றாள் றம்லா.

"சொல்லாம?"

"அப்ப சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா மட்டும் பிழை இல்லாமப் போகுமா?"

காலையில் பூரணி வருவதற்கு முன்பே அவர் அலுவலக வாசலில் நின்றார். பழைய தாளின் அடியில் பதினெட்டு என்று புதிதாக எழுதி, நேரே மூன்று கட்டத்தையும் வெறுமையாக விட்டிருந்தார். அதையும் ஆவணி மாதத்து நடவடிக்கைக் குறிப்பையும் அவளுக்கு முன்னால் வைத்தார்.

"மிஸ், இது என்ட பிழை. காரணம் ஒண்டும் இல்லையெண்டு சொன்னேனே, கோப்பைப் பாக்காமச் சொன்ன."

பூரணி குறிப்பை வாசித்தாள். பிறகு தீர்ப்பின் நான்காம் பக்கம். பிறகு திரும்பவும் குறிப்பு. விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள்.

"இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி பதினெட்டு வரைக்கும் அந்தச் சட்டம் கழிக்கச் சொல்லுது. அதுக்குப் பிறகு வழக்கு வைச்ச நாள் வரைக்கும்… எட்டு வருசமும் அஞ்சு மாசமும்." அவள் நிமிர்ந்தாள். "நானா, பத்து வருசம் நிரம்பேல்லை! அவருக்கு ஆட்சியுரிமையே வராது!"

"அப்ப எடுக்கலாமா மிஸ்?"

"எடுக்கலாமோவோ! எழுவினா ஒவ்வொண்டுக்கும் முடிவும் காரணமும் சொல்ல வேணுமெண்டு குடியியல் நடவடிக்கைக் கோவை நூற்றெண்பத்தேழாம் பிரிவு சொல்லுது. இதில விடையே இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் கோப்பைப் பாக்கேல்லைத்தானே. உங்கட தாளை நம்பிச் சும்மா இருந்திட்டன். யானைக்கும் அடி சறுக்கும் நானா" என்றாள்.

"நான் யானையில்லையே மிஸ்."

"உங்கட தலைக்கனத்துக்குச் சொன்னனான்" என்று அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் நிறைந்தது.

அன்று பின்னேரமே சல்லிக்குப் போய்க் கோணேஸ்வரியிடம் சொன்னார். விடை இல்லாததற்கு விடை கேட்டு மேலே போகிறோம் என்றார். அவளுக்கு அது முழுதாக விளங்கவில்லை. "நான் கேட்டது பிழையில்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"நீங்க கேட்டதுதான் அக்கா வழக்கு" என்றார் மஹ்ரூப்.

பன்னிரண்டாம் நாள் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டிய மேன்முறையீட்டு மனுவைப் பூரணி ஒரு மாதத்தில் எழுதி முடித்தாள். பிறகு காத்திருப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காத்திருந்தார்கள். மஹ்ரூப் அந்த இடைவெளியில் எத்தனையோ தீர்ப்புக்கு நிறம் தீட்டினார். ஒவ்வொன்றுக்கும் முதலில் கோப்பை இறக்கி, எழுவினாக்களை அங்கிருந்தே எடுத்தார். முன்பைவிட அரை நாள் கூடப் பிடித்தது. பக்கத்து அலுவலகத்தார் முணுமுணுத்தார்கள். "நீங்க வாங்கித் தாற ஆறின தேத்தண்ணிக்கு இதுதான் கிடைக்கும்" என்றார் மஹ்ரூப்.

மேன்முறையீடு இரண்டு நீதிபதிகளுக்கு முன்னால் எடுக்கப்பட்டபோது இரண்டாயிரத்து இருபத்தைந்து பிறந்துவிட்டது. கோணேஸ்வரி பின்வாங்கில். பக்கத்தில் தேனுகா. அவர்களுக்குப் பின்னால் மஹ்ரூப். எதிராளியின் சட்டத்தரணி நல்ல பேச்சாளர். கீழ் நீதிமன்றம் சாட்சிகளை நேரில் கண்டு, தொண்ணூற்று நான்கு பக்கத்தில் ஆராய்ந்து முடிவு செய்திருக்கிறது, அதில் கை வைக்கக் கூடாது என்று இருபது நிமிடம் பேசினார். மூத்த நீதிபதி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"பதினெட்டாவது எழுவினாவுக்கு விடை எந்தப் பந்தியில் இருக்கிறது? காட்டுங்கள்."

சட்டத்தரணி பக்கங்களைப் புரட்டினார். பின்னுக்குப் போனார், முன்னுக்கு வந்தார். மஹ்ரூபுக்கு அவர் மேல் இரக்கமாகவே இருந்தது. அந்தப் புரட்டலின் வேதனை அவருக்குத் தெரியும். கோணேஸ்வரி முன்னே சாய்ந்து அந்தக் கைகளையே பார்த்தாள்.

"அவ்வாறான பந்தி இல்லை, கனம் நீதிபதி அவர்களே" என்றார் அவர் கடைசியில்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. பதினாறே பக்கம். கீழ்த் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆவணங்களும் சாட்சியமும் பதிவில் போதுமாக இருப்பதால் விடுபட்ட எழுவினாவுக்குத் தாங்களே விடையளிப்பதாக நீதிபதிகள் எழுதி, வழக்காளிக்குச் சாதகமாகக் கட்டளை செய்திருந்தார்கள். கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போக எதிராளிக்கு வழியிருந்தது, ஆறு கிழமை தவணையும் இருந்தது. அவர் போகவில்லை. தென்னைகளை வெட்டாமல் விட்டுவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு உரிய ஈட்டைப் பேசித் தீர்க்கப் பூரணி ஒழுங்கு செய்தாள்.

பிரதி கைக்கு வந்த அன்று தாயும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். தேனுகா பூரணியின் கையைப் பிடித்தபடி நின்றாள். கோணேஸ்வரி நேரே மஹ்ரூபின் மேசைக்கு வந்து இருந்தாள். இந்தத் தரம் கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருந்தாள்.

"ஐயாமார் என்ன சொல்லியிருக்கினம் எண்டு வாசியுங்கோ தம்பி."

மஹ்ரூப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். இருபத்துமூன்றாம் பந்தி முழுவதும் நீலம்.

"'வழக்காளியின் சாட்சியத்தை இந்நீதிமன்றம் நம்புகின்றது'" என்று வாசித்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "'அவர் தாம் விரும்பித் தமது காணியைக் கைவிட்டவர் அல்லர். இடம்பெயர்ந்து வாழ்ந்த அக்காலம் முழுவதும் தமது உரிமையைக் கோரி நீதிமன்றத்தை நாடும் நிலையில் அவர் இருக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து நீக்கப்பட வேண்டும்.'"

"திரும்ப ஒருக்கா" என்றாள் அவள்.

திரும்ப வாசித்தார். நம்புகின்றது என்ற இடத்தில் அவள் கண்ணை மூடினாள். கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை. தேனுகா வந்து தாயின் தோளில் கை வைத்தாள்.

"அந்த வருசமெல்லாம் நீக்கச் சொல்லியிருக்கு, என்ன?"

"ஓம் அக்கா. அதை நீக்கினதாலதான் காணி வந்த."

கோணேஸ்வரி தோளில் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வருசங்களுக்குள்ளதான் தம்பி இவள் பிறந்தவள்" என்றாள். "முள்ளியவளையில, ஒரு மரத்துக்குக் கீழ. மற்றதெல்லாத்தையும் நீக்கட்டும். அந்த ஒரு நாளை மட்டும் விட்டு வைக்கச் சொல்லுங்கோ."

மஹ்ரூப் எழுந்து போய், தாய்க்கும் மகளுக்கும் தேத்தண்ணி போட்டார்.